வேபிரிட்ஜிலிருந்து லேபுக்கு: ஒரே ஆள், ஒரே கோரிக்கை, இரண்டு பதில்கள்

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தனியார் அரிசி ஆலையில் நான் கொள்முதல் மேலாளர். என் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண், தர ஆய்வகத்துக்கு மாற்றம் கேட்டு ஒரே ஆண்டில் இரண்டு முறை என்னிடம் வந்தார். ஜனவரியில் மறுத்தேன். ஏப்ரலில் ஒப்புக்கொண்டேன். இடைப்பட்ட மூன்று மாதத்தில் அவருடைய படிப்போ அனுபவமோ கூடிவிடவில்லை. கேட்ட நேரமும், சொன்ன காரணமும், கையில் கொண்டுவந்த காகிதமும்தான் மாறியிருந்தன. மாற்றம் கேட்பவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். கேட்கப்பட்டவர்கள் எழுதியதை அதிகம் பார்த்ததில்லை. அதனால் என் நாற்காலியிலிருந்து தெரிந்ததை எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஆலையின் பெயரும் வேண்டாம்.

அவர் பி.எஸ்சி. வேதியியல் படித்தவர். எங்களிடம் சேர்ந்து மூன்றரை ஆண்டு ஆகியிருந்தது. வேலை வேபிரிட்ஜ் அறையில். நெல் லாரியோ டிராக்டரோ உள்ளே வந்தால் பாரத்தோடு எடை போடுவது, இறக்கிய பிறகு வெறும் வண்டியை எடை போடுவது, ரகம், மூட்டை எண்ணிக்கை, லேபிலிருந்து வரும் ஈரப்பதச் சீட்டு இவற்றைப் பதிவது, ஈரத்துக்கும் கருக்காய்க்கும் உண்டான கழிவைப் போட்டு பில் அடிப்பது. தவறில்லாமல் செய்வார். அவர் இருக்கும் நாட்களில் அந்த அறையைப் பற்றி நான் நினைக்கவே மாட்டேன். ஒரு மேலாளர் எந்த ஆளை விடத் தயங்குவார் என்றால் இப்படிப்பட்ட ஆளைத்தான்.

முதல் கோரிக்கை பொங்கல் முடிந்த இரண்டாவது வாரத்தில் வந்தது. டெல்டாவில் அது சம்பா அறுவடை உச்சம். இயந்திரம் அறுத்த நெல் அன்று மாலையே வண்டியேறிவிடும். களத்தில் காய நேரமிருக்காது. அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மழைக்காலங்களில் தளர்வு அறிவித்தால்தான் அதற்கு மேல். பனியும் தூறலுமாக இருக்கும் வாரங்களில் 19, 20 என்று நிற்கும் நெல்லெல்லாம் எங்களைப் போன்ற ஆலைகளை நோக்கி வரும். வாசலில் வண்டி வரிசை நிற்கும். நான் சாப்பாட்டை மாலை நாலு மணிக்குச் சாப்பிடும் நாட்கள் அவை.

அப்படியொரு நாள் காலை, முதலாளி அறையில் உற்பத்திக் கூட்டம். பேச்சுவாக்கில் லேப் இன்சார்ஜ் சொன்னார்: "உங்க வேபிரிட்ஜ் பொண்ணு எங்க பக்கம் வரணும்னு கேட்டுச்சு. இடம் ஒண்ணு இருக்கு, எடுத்துக்கலாம்." எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. முதலாளி என்னைப் பார்த்தார். "பேசிட்டுச் சொல்றேங்க" என்றேன். மறுநாள் என் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. அதன் முக்கிய வரிகள் இவை:

"கடந்த மூன்றரை ஆண்டுகளாக எடைப் பிரிவில் பணிபுரிந்து வருகிறேன். அறுவடைக் காலத்தில் வேலை முடிய இரவு ஏழரை மணி ஆவதால் பேருந்து கிடைக்காமல் மிகவும் சிரமப்படுகிறேன். மேலும் இப்பிரிவில் எனக்கு முன்னேற்றம் இல்லை. நான் வேதியியல் பட்டதாரி என்பதால் தர ஆய்வகத்துக்கு மாற்றித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை. ஆனாலும் மறுத்தேன். "சீசன்ல இதெல்லாம் பேசாதம்மா, அப்புறம் பாப்போம்" என்று இரண்டு வரியில் முடித்தேன். அந்த மறுப்பில் பாதி நியாயமானது. அந்த வாரத்தில் அந்த அறைக்கு வேறு ஆள் எங்கிருந்து வருவார்? மீதிப் பாதி, விஷயத்தை முதலாளி முன்னால் மூன்றாம் மனிதர் வாயிலிருந்து கேட்ட வருத்தம். அது அவருடைய தகுதிக்குச் சம்பந்தமில்லாதது. இன்று யோசித்தால் அந்தப் பாதிக்காக வெட்கப்படுகிறேன். ஆனால் எந்த மேலாளருக்கும் அது வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். போக விரும்பும் துறையில் முதலில் வாய் விட்டுக் கேட்டால், அந்தப் பேச்சு சொந்த மேலாளரிடம் நாம் போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். சிறிய நிறுவனங்களில் ஒரே டீக்கடை, ஒரே சாப்பாட்டு அறை. மேலாளரோடுதான் பிரச்சினை என்றால் கதை வேறு. அப்போது நிர்வாக அலுவலரிடம் போவதுதான் முறை. இங்கே எங்களுக்குள் அப்படி ஒன்றும் இல்லை.

கடிதத்தின் குறை வேறு இடத்தில் இருந்தது. பேருந்துச் சிரமம் என்பது எடைப் பிரிவை விட்டுப் போவதற்கான காரணம். முன்னேற்றம் இல்லை என்பதும் அப்படியே. இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் கணக்குப் பிரிவுக்குக் கேட்டிருக்கலாம், ஸ்டோருக்குக் கேட்டிருக்கலாம், அலுவலகத் தட்டச்சுக்குக் கூடக் கேட்டிருக்கலாம். லேபையே ஏன் என்பதற்குப் பதிலாக இருந்தது ஒரே ஒரு அரை வரி: வேதியியல் பட்டதாரி. நெல் ஆலை லேபில் வேதியியல் பட்டத்துக்கு நேரான வேலை குறைவு. அங்கே நாள் முழுக்க நடப்பது சாம்பிள் எடுப்பது, ஈரம் பார்ப்பது, சின்ன மாதிரி மில்லில் 100, 200 கிராம் அரைத்து முழு அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு என்று பிரிப்பது, பழுப்பும் கருப்பும் கல்லும் பொறுக்கி எடை போடுவது. கையும் கண்ணும் செய்யும் வேலை. அதைச் செய்ய இவரால் முடியும் என்று காட்டும் எதுவும் கடிதத்தில் இல்லை.

பேருந்து விஷயத்தில் என் தவறும் உண்டு. ஒரு பெண் ஊழியர் தினமும் ஏழரை வரை உட்கார வேண்டியிருக்கிறது என்று எழுத்தில் தந்த பிறகும், அதை மாற்றக் கோரிக்கையின் ஒரு பகுதியாக மட்டுமே படித்தேன். அவர் போய்விட்டால் அடுத்து அந்த நாற்காலியில் வருபவருக்கும் அதே பேருந்துதான். அது என் பிரிவில் நான் சரிசெய்ய வேண்டிய குறை. பிப்ரவரியில்தான் உறைத்தது. மாலை ஆறு மணிக்கு மேல் வரும் வண்டிகளுக்கு இரவுக் காவல் கணக்கரை வேபிரிட்ஜில் உட்காரவைத்து ஏற்பாடு செய்தேன். அதைச் செய்த பிறகும் அவர் மாற்றம் கேட்டு வந்தார் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

தாளடி நெல்லும் வந்து முடிந்து, வண்டிகள் குறைந்த ஏப்ரல் முதல் வாரம். காலையில் வந்து, "சார், ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசணும். நாளைக்கு எப்ப வசதின்னு சொல்லுங்க. வேபிரிட்ஜ் ரூம்ல வேணாம்" என்றார். அடுத்த நாள் பதினொன்றுக்கு வரச் சொன்னேன்.

இந்த நேரத் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அந்தத் தண்ணீரில் நடும் குறுவை செப்டம்பர் கடைசியிலிருந்து அறுவடைக்கு வரும். ஆக ஏப்ரலில் கேட்டால் ஒரு கொள்முதல் மேலாளருக்கு ஐந்து மாதம் கையில் இருக்கிறது. புது ஆள் எடுக்கலாம், பழக்கலாம், தப்பு செய்தால் திருத்தலாம். ஜனவரியில் ஐந்து நாள் கூட இல்லை. ஒவ்வொரு துறைக்கும் இப்படி ஒரு நாட்காட்டி உண்டு; கணக்குப் பிரிவுக்கு மார்ச் முடிவு, உரக்கடைக்கு நடவுக் காலம். கேட்பவர் தன் மேலாளரின் நாட்காட்டியைப் பார்த்துக் கேட்டால், "இப்ப வேண்டாம்" என்ற பதிலுக்கு இடமில்லாமல் போகிறது. மேலாளர் விஷயத்தையே பேசியாக வேண்டும்.

மறுநாள் அவர் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது ஜனவரியைப் பற்றி. "லேப் சார்கிட்ட நான் முதல்ல கேட்டது தப்பு சார். உங்ககிட்டதான் வந்திருக்கணும்." அதற்கு மேல் அதை இழுக்கவில்லை. பிறகு ஒரு நீளமான கணக்கு நோட்டை மேசையில் வைத்தார்.

அந்த நோட்டுதான் இந்தக் கதையின் நடு.

எங்கள் முறைப்படி ஒரு வண்டிக்கு இரண்டு ஈரப்பதச் சீட்டு வரும். வாசலில் குத்தூசியால் சாம்பிள் எடுத்துப் பார்ப்பது ஒன்று. விலையும் கழிவும் அதை வைத்துத்தான். நெல்லை இறக்கிக் குவித்த பிறகு, டிரையருக்குப் போகும் முன் லேப் எடுப்பது இரண்டாவது. இரண்டு சீட்டும் கோப்பில் சேர்வது வேபிரிட்ஜ் அறையில். வேறு யாரும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அவர் பார்த்திருக்கிறார். சம்பா சீசனில் 31 வண்டிகளுக்கு இரண்டு அளவையும் எழுதி, வாசலில் சாம்பிள் எடுத்த ஆள் எந்த மூட்டைகளில் குத்தினார் என்பதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். 22 வண்டிகளில் இரண்டு சீட்டுக்கும் அரைப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் இல்லை. 9 வண்டிகளில் ஒன்றரையிலிருந்து இரண்டரைப் புள்ளி வரை இரண்டாவது சீட்டு கூடுதலாகக் காட்டியது. அந்த 9 வண்டிகளில் 7 வண்டிகளுக்கு வாசல் சாம்பிள் பின்கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் மூட்டைகளிலிருந்து மட்டுமே எடுக்கப்பட்டிருந்தது.

எல்லா வியாபாரியும் ஏமாற்றுகிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. காய்ந்த மூட்டையை வேண்டுமென்றே பின்னால் அடுக்குவதும் உண்டு. கடைசியாக ஏற்றிய மூட்டை களத்தில் கூடுதல் நேரம் கிடந்து காய்ந்திருப்பதும் உண்டு. 31 வண்டி என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது என்று அவரே சொன்னார். ஆனால் அது எவ்வளவு பணம் என்று காட்ட ஒரு கணக்கும் போட்டிருந்தார். எங்கள் லேபில் தினமும் போடும் கணக்குதான். வேபிரிட்ஜில் யாருக்கும் அது தேவைப்படாது.

10,000 கிலோ நெல் ஒரு வண்டி. உண்மை ஈரம் 19 சதவீதம் என்றால் அதில் தண்ணீர் போக இருப்பது 8,100 கிலோ. டிரையரில் 14 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அந்த 8,100 கிலோ மொத்த எடையில் 86 சதவீதமாக இருக்கும். 8,100-ஐ 0.86-ஆல் வகுத்தால் சுமார் 9,419 கிலோ. வாசலில் 17 என்று பார்த்து விலை கொடுத்திருந்தால் நாம் எதிர்பார்ப்பது 8,300-ஐ 0.86-ஆல் வகுத்தது, சுமார் 9,651 கிலோ. வித்தியாசம் 232 கிலோ. எங்கள் 60 கிலோ மூட்டைக் கணக்கில் கிட்டத்தட்ட நாலு மூட்டை, ஒரே வண்டியில்.

இதைப் பார்த்தபோது எனக்கு இரண்டு எண்ணம் வந்தது. ஒன்று, இது என் பிரிவின் ஓட்டை, எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. அவர் அதை முதலாளியிடம் கொண்டுபோகவில்லை, என்னிடம் கொண்டுவந்தார். இரண்டாவது, லேப் வேலை என்னவென்று இவருக்குப் புரிந்திருக்கிறது. சாம்பிள் சரியில்லையென்றால் மீட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை என்பது அந்த வேலையின் அடிப்படை. பட்டத்தைப் பற்றி அவர் இந்த முறை பேசவே இல்லை. இப்போது செய்யும் வேலையிலிருந்தே அடுத்த வேலைக்கான சான்றை எடுத்து வந்திருந்தார். திறமை என்ற தலைப்பில் விண்ணப்பங்களில் எழுதப்படும் பெரும்பாலான வரிகளை நான் நம்புவதில்லை, இதை நம்பினேன்.

பிறகு நான் கேட்டதும் அவர் சொன்னதும். நினைவிலிருந்து எழுதுகிறேன், ஆனால் சாரம் மாறவில்லை.

"சீனியர் கூட ஒத்துப்போகலையா? அதான் காரணமா?" வேபிரிட்ஜில் இன்னொரு மூத்த கணக்கர் உண்டு. லாரிக்காரர்கள் முன்னாலேயே இவர் பதிவைத் திருத்திச் சத்தம் போடுவார் என்பது எனக்குத் தெரியும்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதுவும் ஒரு காரணம் சார், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது மட்டும்னா நான் அக்கவுண்ட்ஸுக்குப் போறேன்னு கேட்டிருப்பேன். அங்க எனக்கு சுலபம். லேப்ல நான் பழகவே ஆறு மாசம் ஆகும்."

ஒரே மூச்சில் உண்மையையும் சொல்லி, அது முழுக்காரணம் இல்லை என்பதையும் காட்டிவிட்டார். அந்த மூத்தவரைப் பற்றி ஒரு குறையும் அடுக்கவில்லை. அடுக்கியிருந்தால் நான் அவரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்கும். பேச்சு மாற்றத்தை விட்டு விலகிப் போயிருக்கும். மறைத்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். மற்ற காரணங்களையும் சந்தேகித்திருப்பேன்.

இந்த இடத்தில் நான் இன்னொன்றும் கேட்டேன், நேராகவே: "தப்பான பேச்சு, தப்பான நடத்தை அப்படி ஏதாவது இருக்காம்மா? இருந்தா அது வேற வழி." இல்லை என்றார். ஏன் கேட்டேன் என்றால், பாலியல் தொந்தரவுக்குள்ளான பெண் மாற்றம் கேட்டுப் போய்விடுவதும், தொந்தரவு செய்தவர் அதே நாற்காலியில் இருப்பதும் அடிக்கடி நடக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். விசாரணை நடக்கும்போதே இடமாற்றம் வேண்டும் என்று அந்தப் பெண் எழுத்தில் கேட்கலாம். பெண்ணையோ எதிர்த் தரப்பையோ மாற்றும்படி குழு பரிந்துரைக்கலாம். அப்படிப்பட்ட விஷயத்தைச் சாதாரண மாற்றக் கடிதத்துக்குள் புதைத்துவிடக் கூடாது.

அடுத்து, "நீங்க போயிட்டா இங்க யாரு?" என்றேன். இதற்குத்தான் ஜனவரியில் அவரிடம் பதில் இல்லை. இப்போது நாலு பக்கத்தில் கையால் எழுதிய ஒரு குறிப்பை நீட்டினார். தலைப்புகூட இல்லை. காலையில் மேடை காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பதில் தொடங்கி, வேபிரிட்ஜில் எங்கெல்லாம் எடை தவறும் என்று எழுதியிருந்தார். பாரத்தோடு எடை போடும்போது டிரைவர் உள்ளே உட்கார்ந்திருந்து, வெறும் வண்டி எடையின்போது இறங்கிவிட்டால் அவருடைய எடை அறுபது எழுபது கிலோ நெல் கணக்கில் ஏறிவிடும். மழை நாளில் நனைந்த தார்ப்பாயோடு முதல் எடை, தார்ப்பாய் இல்லாமல் இரண்டாவது எடை என்றாலும் அப்படியே. டிராக்டர் டிரெய்லரின் பின்சக்கரம் மேடையை விட்டு ஒரு சாண் வெளியே நின்றால் எடை குறையும். கண்ணாடி வழியாக அது தெரியாது, எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். மேடைக்கு அடியில் சேறும் உமியும் அடைந்தால் இரண்டு முறை ஒரே வண்டியைப் போட்டாலும் ஒரே எடை வராது. அதுதான் அடையாளம், உடனே கழுவச் சொல்ல வேண்டும். எந்த வியாபாரிக்குப் பில்லில் எந்தப் பெயர், யாருக்கு ஒரே வண்டியில் இரண்டு ரகம் வரும் என்பதெல்லாம் கடைசிப் பக்கத்தில்.

அவர் தலைக்குள் இருந்த வேலை காகிதத்துக்கு வந்துவிட்டது. அவரை விடலாம் என்று நான் முடிவு செய்தது நோட்டைப் பார்த்தபோது இல்லை. இந்த நாலு பக்கத்தைப் படித்தபோதுதான். நோட்டு அவர் லேபுக்குத் தகுந்தவர் என்று காட்டியது, அது லேப் இன்சார்ஜ் கவலை. என் கவலை செப்டம்பரில் அந்த மேடையில் யார் உட்காருவார் என்பது.

கடைசியாக, "லேப்ல உங்களுக்கு என்ன தெரியாது?" என்றேன். "மாதிரி மில்லு ஓட்டத் தெரியாது சார். நொய் பிரிக்கிறதும் பாத்திருக்கேன், செஞ்சதில்ல. ரகம் கண்டுபிடிக்கிறதுல ஆடுதுறை 43, கோ 51 மாதிரி பக்கத்துல பக்கத்துல வச்சா குழம்பிடுவேன்." நான் இதை லேப் இன்சார்ஜிடம் அப்படியே சொன்னேன். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. எங்கிருந்து பழக்கத் தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது என்றார்.

வாய்ப்பேச்சு முடிந்த பிறகு எழுத்தில் தரச் சொன்னேன். கடிதம் பேச்சுக்கு முன்னால் வந்தால் மேலாளர் அதற்குப் பதில் எழுத வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். பின்னால் வந்தால் பேசியதை உறுதி செய்கிறது. அவருடைய இரண்டாவது கடிதம் இது. ஒரு பக்கம்தான்.

"மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: தர ஆய்வகத்துக்குத் துறை மாற்றம் கோருதல்.

இம்மாதம் தங்களிடம் நேரில் பேசியதன் தொடர்ச்சியாக இதை எழுதுகிறேன். எடைப் பிரிவில் மூன்று ஆண்டு எட்டு மாதம் பணிபுரிந்துள்ளேன். தர ஆய்வகத்தில் காலியாக உள்ள உதவியாளர் இடத்துக்கு என்னை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சாம்பிள் எடுக்கும் முறைக்கும் ஈரப்பத அளவுக்கும் உள்ள தொடர்பை, 31 வண்டிகளின் சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்ததிலிருந்து கற்றேன். அந்த நோட்டைத் தங்களிடம் ஒப்படைத்துள்ளேன். இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய விரும்புவதே நான் ஆய்வகத்தைக் கேட்பதற்குக் காரணம். மாதிரி மில் இயக்குவதும் நொய் பிரிப்பதும் எனக்குப் பயிற்சி தேவைப்படும் வேலைகள்.

எடைப் பிரிவின் வேலை முறையை நாலு பக்கக் குறிப்பாக எழுதித் தந்துள்ளேன். புதியவர் வந்ததும் ஜூலை முடியும் வரை அவருடன் இருந்து பழக்குகிறேன். குறுவை அறுவடை தொடங்கும் முதல் இரண்டு வாரம் தேவைப்பட்டால் காலை நேரத்தில் வந்து உதவுகிறேன்.

ஆய்வகத்தில் மூன்று மாதம் சோதனைக் காலமாக வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,"

"தாழ்மையுடன்" இல்லை. "மிகவும் சிரமப்படுகிறேன்" இல்லை. மூத்த கணக்கரைப் பற்றியும் பேருந்தைப் பற்றியும் இல்லை. அவை வாயால் பேசி முடிந்தவை. கோப்பில் ஏறினால் பத்து வருடம் கழித்தும் யாராவது படிப்பார்கள்.

முதலாளி ஒரே நாளில் சரி என்றார். ஆனால் நிர்வாக அலுவலர் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. இந்தப் பக்கத்து ஆலைகளில் ஒரே குடும்பத்துக்கு இரண்டு மூன்று நிறுவனப் பெயர் இருக்கும். நெல் வாங்குவது ஒரு பெயரில், அரிசி விற்பது இன்னொரு பெயரில். எங்கள் லேப் ஊழியர்களின் சம்பளம் விற்பனை நிறுவனத்தின் பெயரில் போகிறது. மாற்றம் என்று சொல்லிக்கொண்டு, காகிதத்தில் இங்கே ராஜினாமா, அங்கே புதுச் சேர்க்கை என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் தொடர் பணி அறுந்துபோகும். பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு தொடர் பணி வேண்டும். அவருக்கு மூன்று ஆண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ராஜினாமா எழுதியிருந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. வருங்கால வைப்பு நிதியில் ஒரே எண் தொடரும் என்பதால் அதில் அவ்வளவு சிக்கல் இல்லை, பணிக்கொடையில்தான் அடி. கடைசியில் சம்பளம் பழைய நிறுவனத்திலேயே தொடரும், பணியிடம் மட்டும் லேப் என்று மாற்ற உத்தரவு எழுதினோம். யாராவது மாற்றம் கேட்டுக் கிடைத்தால், கையெழுத்துப் போடும் முன் அந்த உத்தரவில் எந்த நிறுவனப் பெயர் இருக்கிறது, "ராஜினாமா" என்ற சொல் எங்காவது வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். கிடைத்த சந்தோஷத்தில் யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு இழப்பும் இருந்தது. எடைப் பிரிவுக்கு அறுவடை மாதங்களில் 1,500 ரூபாய் சீசன் படி உண்டு, லேபுக்குக் கிடையாது. இதை நான் முன்கூட்டியே சொன்னேன். ஒரு இரவு யோசித்துவிட்டு வந்து, சரி என்றார்.

ஆகஸ்ட் முதல் தேதி லேபில் சேர்ந்தார். எல்லாம் சீராகப் போனது என்று எழுத முடியவில்லை. குறுவை தொடங்கியதும் புதுப் பையன் முதல் வாரத்திலேயே ஒரு டிராக்டருக்கு வெறும் எடையை வேறு டிராக்டரின் எண்ணில் பதிந்துவிட்டான். நான் பயந்து அவரைக் கூப்பிட்டேன். அடுத்த நாளும் கூப்பிட்டேன். கடிதத்தில் இரண்டு வாரம், காலை நேரம் என்று தெளிவாக இருந்தும், மூன்றாவது வாரம் வரை வாரத்துக்கு நாலு நாள் அவர் வேபிரிட்ஜில்தான் இருந்தார். லேப் இன்சார்ஜ் நேராக வந்து, "ஆளைக் குடுத்தீங்களா, வாடகைக்கு விட்டீங்களா?" என்று கேட்டார். தப்பு என்னுடையது. உதவி என்று ஒருவர் ஒப்புக்கொண்டதை மேலாளர்கள் இப்படித்தான் நீட்டிக்கொள்கிறோம். கடிதத்தில் முடிவுத் தேதியையும் போட்டிருந்தால் அவர் அதைக் காட்டியிருக்கலாம். "முதல் இரண்டு வாரம்" என்றால் அறுவடை என்றைக்குத் தொடங்கியது என்பதிலேயே வாதம் வந்துவிடுகிறது.

அதனால் அவருடைய பயிற்சியும் தாமதமானது. அக்டோபர் நடுவில்கூட அவர் காட்டும் நொய் அளவு, பக்கத்து மேசைக்காரர் காட்டுவதைவிட இரண்டு புள்ளி கூடுதலாகவே இருந்தது. ஒரே சாம்பிளை இருவருக்கும் கொடுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. முழு அரிசியின் முக்கால் நீளத்துக்குக் குறைந்ததுதான் நொய். முனை உடைந்திருந்தாலும் முக்கால் இருந்தால் அது அரிசி. அவர் முனை உடைந்ததையெல்லாம் நொய்யில் போட்டிருந்தார். கடுமையாகப் பார்த்தால் நல்லது என்று நினைத்தாராம். வியாபாரிக்கு அது அநியாயம் என்று இன்சார்ஜ் சொல்லித் திருத்தினார். இரண்டு வாரத்தில் இருவர் அளவும் அரைப் புள்ளிக்குள் வந்தது. சோதனைக் காலத்தை நவம்பர் கடைசி வரை நீட்டி, பிறகு உறுதி செய்தோம்.

இந்தச் சம்பாவுக்கு வாசல் சாம்பிள் முறையை மாற்றியிருக்கிறோம். பின்கதவு மூட்டையோடு, இறக்க இறக்க நடுவிலும் அடியிலும் உள்ள மூட்டைகளிலும் குத்தி, எல்லாவற்றையும் கலந்து ஈரம் பார்த்த பிறகுதான் பில். சீட்டில் "உள் மூட்டை" என்று ஒரு புதுக் கட்டம். அது அவர் போட்டது. வண்டிக்கு இருபது நிமிடம் கூடுதலாகிறது. லாரிக்காரர்கள் சத்தம் போடுகிறார்கள், லோடுமேன்களுக்கும் பிடிக்கவில்லை. சீசன் படியைப் பற்றி, வாசல் சாம்பிள் வேலையையும் இப்போது லேப்தான் பார்க்கிறது என்ற காரணத்தோடு, இன்சார்ஜிடம் முதலில் பேசிவிட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்திருக்கிறார். முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை. தர வேண்டும் என்று அதன் கீழே நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.